லீவில் வந்தவர்

வளைகுடாவுக்கு உழைக்கப் போகிற பலருக்குக் கணக்கு ஒன்றுதான்: இரண்டு வருடம் வேலை, இரண்டு மாதம் லீவு. பத்து வருடம் அங்கே இருந்தவர் ஐந்து முறை ஊருக்கு வந்திருப்பார். அந்தப் பத்து வருடத்தில் மனைவியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது ஒரு வருடம்கூட ஆகாது. கல்யாண வீடு, காதுகுத்து, மருத்துவச் செலவு, வீட்டு வேலை என்று அந்த மாதங்களிலும் பாதி கரைந்துவிடும். இந்தக் கணவன் மனைவிக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் என்று ஊர் சொல்லும். உடலளவில் அவர்கள் இன்னும் புதுமணத் தம்பதிதான்.

இந்தப் பிரிவு தமிழர்களுக்குப் புதிதல்ல. நாட்டுக்கோட்டைச் செட்டியார் கடைகளின் ஏஜெண்டுகள் மூன்று வருடச் சம்பளச் சீட்டு எழுதிக்கொடுத்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். மனைவிமார் செட்டிநாட்டிலேயே இருந்தார்கள். கீழத்தஞ்சை, ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் சபுராளி வீடு என்றால் ஆண் வெளிநாட்டில் இருக்கும் வீடு. திரும்பி வருகிறவர் கொண்டுவரும் பணத்தையும் பொருளையும் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அவர் மனதில் சுமந்துகொண்டு வரும் ஒரு பயத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. படுக்கையறைக் கதவு சாத்தப்பட்ட பிறகு, "என்னால் முடியுமா?" என்று எழும் பயம் அது.

இங்கே வரப்போகும் மனிதர் தனி ஒருவர் அல்ல. லீவில் வரும் பலருக்கு நடப்பதை ஒரே ஆளின் மேல் ஏற்றிச் சொல்லும் கதை. அவருக்கு முப்பத்தொன்பது வயது, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். தம்மாமில் ஏசி மெக்கானிக். மனைவிக்கு முப்பத்து நான்கு, இரண்டு பிள்ளைகள். இந்த முறை கம்பெனி லீவைத் தள்ளிக்கொண்டே போனதால் ஊர் வர மூன்றரை வருடம் ஆகிவிட்டது.

தேதி உறுதியான அன்றே கேம்ப் அறையில் கிண்டல் ஆரம்பித்துவிட்டது. "மாப்ள, மூன்றரை வருஷம்! பாத்துடா" என்று ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருவர் என்ன மாத்திரை என்றார், இன்னொருவர் எத்தனை பேரீச்சம்பழம் என்றார். அவரும் சிரித்தார். ஆனால் திருச்சி விமானத்தில் அவர் எண்ணிக்கொண்டு வந்தது கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளை அல்ல, அந்த முதல் இரவைத்தான்.

முதல் இரண்டு இரவுகள் வீடு நிறைய ஆட்கள். மூன்றாம் இரவு தனிமை கிடைத்தது. நெருங்கிய சில நிமிடங்களிலேயே உடல் ஒத்துழைக்கவில்லை. "பயண அலுப்பு" என்றார். அவளும் "பரவால்ல, தூங்குங்க" என்றாள். ஐந்தாம் இரவு உடல் இணங்கியது, ஆனால் தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. ஆறாம் நாளிலிருந்து அவர் இரவு பதினொரு மணிவரை டீக்கடையில் உட்கார ஆரம்பித்தார்.

அவருடைய உடலில் என்ன நடந்தது என்பது தெரிந்தால் பயத்தில் பாதி அங்கேயே போய்விடும். ஆண்குறி விறைப்பது ஏதோ ஒரு தசை முறுக்கேறுவதால் நடப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். உள்ளே பஞ்சுபோன்ற திசுவைச் சுற்றியுள்ள மென்தசைகள் தளரும்போதுதான் ரத்தம் பாய்ந்து நிரம்புகிறது. நிரம்பிய ரத்தம் வெளியேறும் சிரைகளை அழுத்தி மூடுவதால் விறைப்பு நிற்கிறது. தசையைத் தளர்த்தும் வேலையை நரம்பு முனைகளும் ரத்தக்குழாய்ச் சுவரும் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு தொடங்கி வைக்கிறது. உடலும் மனமும் ஓய்வாக இருக்கும்போது வேலை செய்யும் நரம்பு மண்டலத்தின் பொறுப்பு அது.

பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும். நாய் துரத்தினால் ஓடுவதற்காக உடல் வைத்திருக்கும் ஏற்பாடு அது. இதயம் வேகமாக அடிக்கும், கை குளிரும், ரத்தம் கைகால் தசைகளுக்குத் திரும்பும். ஆண்குறியின் மென்தசைகள் இறுகி ரத்த வரவைக் குறைத்துவிடும். நம்மைப் பயமுறுத்துவது நாயா, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியின் எதிர்பார்ப்பா என்று அட்ரினலினுக்குத் தெரியாது. அதனால்தான் "எப்படியாவது முடித்துக் காட்டவேண்டும்" என்று முயலும்போதெல்லாம் நிலைமை மோசமாகிறது. கையை வலுவாக மடக்க நினைத்தால் மடக்கலாம். இதை வலிந்து வரவழைக்க முடியாது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பாலியல் சிக்கல்களை ஆய்ந்த வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் இருவரும் 1970-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சுழலை விரிவாக விளக்கினார்கள். ஒருமுறை தவறியவன் அடுத்த முறை மனைவியைத் தொடும்போது அவளைக் கவனிப்பதில்லை. தன் உடலை வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறான். வந்துவிட்டதா, நிற்கிறதா, போய்விடுமா என்று கண்காணிக்கிறான். அந்தக் கண்காணிப்பே கிளர்ச்சியைக் கொல்கிறது. இரண்டாம் தோல்வி மூன்றாவதற்கு விதையாகிறது.

நம் மெக்கானிக்கின் ஐந்தாம் இரவுக்குக் காரணம் வேறு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் சில முறை சீக்கிரம் முடிந்துவிடுவது பலருக்கும் நடப்பதுதான். அது நோய் அல்ல. பழக்கம் திரும்பும்போது தானாகச் சரியாகிவிடும். ஆனால் அவர் மனதில் அரைமணி நேரம், ஒரு மணி நேரம் என்று ஓர் அளவு இருந்தது. கேம்ப் பேச்சிலிருந்தும் போனில் பார்த்த படங்களிலிருந்தும் வந்த அளவு. உண்மை அளவை மார்செல் வால்டிங்கர் என்ற டச்சு மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஐந்து நாடுகளில், சுமார் 500 தம்பதியரிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்து எடுத்து 2005-இல் வெளியிட்டார்கள். உறவு தொடங்கியதிலிருந்து விந்து வெளியாகும்வரை நடுப்பகுதி அளவு 5.4 நிமிடம். அரை நிமிடத்தில் முடித்தவரும் இருந்தார், நாற்பத்து நான்கு நிமிடம் எடுத்தவரும் இருந்தார். பாதிப் பேர் ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தவர்கள். தன்னைத் தோற்றவராக நினைத்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு இந்த ஓர் எண்ணை யாராவது சொல்லியிருக்கலாம்.

யாரும் சொல்லவில்லை. அவர் கண்ணில் பட்டது பஸ் நிலையச் சுவரில் இருந்த போஸ்டர். "ஆண்மைக் குறைவா? நரம்புத் தளர்ச்சியா?" என்று கேட்டு, மாதத்தில் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்று அறிவித்தது. பாலுறவுத் திறனைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகர விளம்பரங்கள்) சட்டப்படி குற்றம். சட்டம் எழுபது வருடமாக இருக்கிறது. போஸ்டரும் இருக்கிறது.

லாட்ஜில் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி அநேகமாக, "சின்ன வயசில் கைப்பழக்கம் உண்டா?" என்பதாக இருக்கும். உண்டு என்று சொல்லாதவர் அரிது. அங்கேயே நோய் உறுதியாகிவிடும். "விந்து விட்டான் நொந்து கெட்டான்" என்ற பழமொழியில் வளர்ந்த நாட்டில் இந்த வியாபாரத்துக்கு வேறு முதலீடு வேண்டாம். விந்து போனால் பலம் போகும் என்ற பயத்தாலேயே உடல் சோர்ந்து, மனம் நலிந்து வருகிற இளைஞர்களை மருத்துவத்தில் தனியாகவே அடையாளம் கண்டிருக்கிறார்கள். இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் அதற்கு தாது நோய்க்குறி என்று பெயர் வைத்தார். விந்து உடலில் தொடர்ந்து உற்பத்தியாகும் திரவம். கைப்பழக்கத்தால் நரம்பு தளர்வதில்லை, பிற்கால உறவும் கெடுவதில்லை.

லாட்ஜ் சூரணத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய பொருள்களில் சில்டெனாஃபில் என்ற ஆங்கில மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கின்றன. வயாகரா என்ற பெயரில் 1998-இல் சந்தைக்கு வந்த மருந்து அது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை எடுத்தால் ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கி உயிரே போகலாம். என்ன விழுங்குகிறோம் என்று தெரியாதவர் எப்படி ஜாக்கிரதையாக இருப்பார்?

அதே மாத்திரை தகுந்த டாக்டரின் சீட்டில் வரும்போது நல்ல மருந்து. ஆனாலும் அதற்கு எல்லை உண்டு. அது ஆசையை உண்டாக்காது. தொடுதலும் கிளர்ச்சியும் இருந்தால்தான் வேலை செய்யும். பிரியாணி மாதிரிக் கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் போட்டால் தாமதமாகும். ஒரு மணி நேரத்தில் எதுவும் நடக்கவில்லையே என்று இரண்டாவதை விழுங்குகிறவர்கள் இதனால்தான் தலைவலி, முகச்சிவப்பு, மயக்கம் என்று அவதிப்படுகிறார்கள். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கி, மனைவிக்குத் தெரியாமல் சட்டைப்பையில் ஒளித்து வைப்பதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. அவள் துணி துவைக்கும்போது அதைப் பார்த்தால் வேறு யாருக்காக என்றுதான் முதலில் தோன்றும்.

அவள் மனதில் ஏற்கெனவே அந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே யாரோ இருக்கிறாளோ, தனக்கு வயதாகிவிட்டதோ, பிள்ளை பெற்ற வயிறு அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று அவள் தன்னையே குறை தேடிக்கொண்டிருந்தாள். கணவர் தன் உடலுக்குப் பயந்து டீக்கடையில் இருப்பார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கேட்டால் கெட்ட பெண் என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம் வேறு. மலையாளத்தில் எஸ்.ஏ. ஜமீல் 1970-களில் எழுதிப் பாடிய "துபாய் கத்து பாட்டு" கேரளத்தில் அத்தனை பரபரப்பை உண்டாக்கியதற்குக் காரணம், ஊரில் இருக்கும் மனைவி தன் ஏக்கத்தை மறைக்காமல் கணவனுக்கு எழுதும் கடிதமாக அது அமைந்ததுதான். நம் வீடுகளில் அந்தக் கடிதம் இன்னும் எழுதப்படவில்லை.

அவளுக்கும் உடல் தயாராக நேரம் வேண்டும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு, அதுவும் பதற்றத்தோடு அவசரப்பட்டால், பெண்ணுறுப்பில் ஈரம் போதாமல் எரிச்சலும் வலியும் வரும். வலிக்குமோ என்று பயந்தால் இடுப்புத்தளத் தசைகள் இறுகிக்கொள்ளும், வலி கூடும். அவள் முகம் சுளித்ததை அவர் வெறுப்பு என்று எடுத்துக்கொண்டார். நீர் அடிப்படையிலான ஜெல் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, அதுவே பல வீடுகளில் போதுமானது. தேங்காய் எண்ணெயை ஆணுறையோடு பயன்படுத்தக் கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் வலுவிழந்து கிழியும். அடுத்த குழந்தை வேண்டாம் என்று நினைக்கும் பெண்ணுக்குக் கர்ப்பப் பயமே ஆசையை அணைத்துவிடுவதும் உண்டு. கருத்தடைக்கு என்ன ஏற்பாடு என்பதை லீவுக்கு முன்பே இருவரும் போனில் பேசி வைக்கலாம்.

போனில் பேசலாம்தான், எங்கே பேசுவது? எட்டுப் பேர் படுக்கும் அறையில், இரண்டடுக்குக் கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து இமோவில் பேசும் பேச்சு, "பணம் அனுப்பிட்டேன், பெரியவன் படிக்கிறானா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கினியா" என்பதைத் தாண்டாது. மூன்றரை வருடம் அப்படியே பேசிப் பழகியவர்களுக்கு நேரில் வந்ததும் வேறு பேச்சு சட்டென வந்துவிடாது.

பன்னிரண்டாம் நாள் அவளே கேட்டாள். "என்னங்க, என்னைப் பிடிக்கலையா? மறைக்காம சொல்லுங்க." அவர் சொன்னார். கேம்ப் கிண்டல், விமானத்தில் வந்த பயம், லாட்ஜ் போஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். அங்கே போவதற்கு அவர் முதலில் மறுத்தார். பைத்தியத்துக்கா மருந்து என்று கேட்டார். ஆனால் பாலியல் பதற்றத்தைப் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள்தான். உடல் காரணம் தெரிந்தால் அவர்களே சிறுநீரக மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ அனுப்புவார்கள்.

"காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா?" என்று டாக்டர் முதலில் கேட்டார். எளிய கேள்விதான், ஆனால் அது நிறையச் சொல்லும். ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கண்கள் மூடிய இமைக்குள் அசையும் கனவுக் கட்டங்களில், இரவுக்குச் சில முறை தானாகவே விறைப்பு வந்து போகும். காலையில் இருப்பது அதில் கடைசி முறை. அது ஒழுங்காக இருந்து மனைவியோடு மட்டும் இல்லையென்றால், ரத்தக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, சிக்கல் பதற்றத்தில் இருக்கிறது என்று பொருள். பதற்றத்தால் வருவது ஒரு நாளில் திடீரென்று தொடங்கும், ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. உடல் நோயால் வருவது மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து, காலை விறைப்பையும் கொண்டுபோய்விடும்.

அவருக்குக் காலை விறைப்பு இருந்தது, ஆனால் முன்போல் இல்லை என்றார். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். சர்க்கரை ஆரம்ப நிலையில் இருந்தது. மூன்று வருடமாகப் பார்க்கப்படாத ரத்த அழுத்தமும் கொஞ்சம் கூடுதல். ஆண்குறிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இதயத்துக்குப் போகும் குழாய்களைவிடக் குறுகலானவை. எனவே கொழுப்பு படிந்து அடைப்பு வந்தால் பல சமயம் முதலில் அங்கேதான் தெரியும், நெஞ்சுவலி சில வருடம் கழித்தே வரும். நாற்பதை நெருங்குகிற, புகை பிடிக்கிற, பன்னிரண்டு மணி நேர டியூட்டியில் பரோட்டாவும் குளிர்பானமுமாக வாழ்கிற மனிதருக்கு இந்தக் குறை ஒரு முன்னெச்சரிக்கை. வெட்கப்பட்டு மறைத்தால் அந்த எச்சரிக்கை வீணாகிவிடும்.

பிறகு டாக்டர் அவர்கள் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். "அடுத்த ஒரு வாரம் உறவு கூடாது." மாஸ்டர்ஸும் ஜான்சனும் வகுத்த, இன்றும் நடைமுறையில் இருக்கும் தொடுகைப் பயிற்சி இப்படித்தான் தொடங்குகிறது. செயின்ட் லூயிஸில் தம்பதியரை இரண்டு வாரம் தங்கவைத்து இதைக் கற்றுக்கொடுத்தார்கள். லீவுக்கு இது நல்ல பொருத்தம்.

முதல் கட்டத்தில் இருவரும் மாறிமாறி, ஆளுக்குப் பதினைந்து இருபது நிமிடம், கை, முதுகு, தலை, கால் என்று தொடவேண்டும். மார்பும் பிறப்புறுப்பும் கூடாது. தொடுகிறவர் தன் விரல்களுக்கு என்ன தெரிகிறது என்பதைக் கவனிக்கவேண்டும், தொடப்படுகிறவர் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று சொல்லவேண்டும். உறவுக்கே தடை இருப்பதால் விறைப்பு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? தேர்வே ரத்தான பிறகு தோற்க வழியில்லை. அட்ரினலின் அடங்குகிறது, தசை தளர்கிறது. பலருக்குத் தேடாதபோது அது தானே வருகிறது.

இரண்டாம் கட்டத்தில் எல்லா இடத்தையும் தொடலாம், உறவுக்குத் தடை தொடரும். விறைப்பு வந்தால் வேண்டுமென்றே தொடுவதை நிறுத்தி அது போகும்வரை காத்திருந்து, மறுபடி தொட்டு மறுபடி வரவிடவேண்டும். பயந்தவருக்குக் கிடைக்கும் பெரிய பாடம் இதில் இருக்கிறது. போனது திரும்ப வரும், அதனால் போகும்போது பதறவேண்டியதில்லை. அதன் பிறகே, அசைவில்லாமல், அவசரமில்லாமல் உறவு. சீக்கிரம் முடிகிறவருக்கு ஜேம்ஸ் சீமன்ஸ் 1956-இல் விவரித்த நிறுத்தித் தொடங்கும் முறையை இதனோடு சேர்த்துக்கொள்வார்கள். உச்சத்தை நெருங்கும்போது தூண்டுதலை நிறுத்தி, உணர்வு தணிந்ததும் மீண்டும் தொடங்குவது அது.

இந்தப் பயிற்சி எல்லோருக்கும் பலிப்பதில்லை. சர்க்கரையால் நரம்பு சேதமானவருக்கு மருந்தும் சேர்ந்தே வேண்டும். கணவன் மனைவிக்குள் பணமோ சந்தேகமோ காரணமாகத் தீராத கோபம் இருந்தால், தொடுவதற்கு முன் அதைப் பேசவேண்டும். தடையை நான்காம் நாளே மீறி "வந்துவிட்டது, இப்போதே முடித்துவிடலாம்" என்று பாய்கிறவர்கள் மறுபடி பழைய தேர்வுக்குள்ளேயே போய் விழுகிறார்கள். நம் மெக்கானிக்கும் ஒருமுறை அப்படி மீறி, பாதியில் நின்று போனது. அவள் சிரித்துவிட்டு, "டாக்டர் சொன்னதக் கேளுங்க" என்று அவர் கையைத் தன் முதுகில் வைத்தாளாம். அதில் அவமானம் இல்லாததை அவர் அன்றுதான் முதன்முதலாக உணர்ந்தார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிரிந்திருந்த காலத்தில் வேறு உறவு இருந்திருந்தால், அந்தக் குற்ற உணர்வும் நோய்ப் பயமும் சேர்ந்தும் உடலைப் பூட்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. 1097 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். முடிவு தெரியும்வரை ஆணுறை கட்டாயம்.

வீட்டில் அவர்கள் செய்த மாற்றங்கள் சிறியவை. பிள்ளைகள் இரவில் பாட்டியோடு படுக்க ஆரம்பித்தார்கள். விருந்தாளிகளுக்கு ஒரு கெடு வைத்தார்கள். புகையைப் பாதியாகக் குறைத்தார், சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கினார். லீவின் ஐந்தாவது வாரத்தில் டாக்டரை மறுபடி பார்த்தபோது அவர் பயத்தைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த பிரிவைப் பற்றித்தான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் பதில் இல்லை. சவூதியில் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள ஆளுக்கு மாதம் 400 ரியால் கட்டணம். 2017-இல் 100 ரியாலில் தொடங்கி 2020-இல் இந்த அளவுக்கு வந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால் அதற்கே போய்விடும், வாடகையும் பள்ளிக்கூடமும் தனி. மெக்கானிக் சம்பளத்தில் நடக்காது. குடும்ப விசிட் விசாவில் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு அழைத்துப் போனால் என்ன ஆகும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். விமான டிக்கெட், ஒரு அறை வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் அவர் இந்த முறை உறவினர்களுக்கு வாங்கிவந்த சாமான்களின் விலையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். மிச்சத்துக்கு அவள் சீட்டுப் பணம் இருக்கிறது என்றாள். கம்பெனியில் லீவைத் தள்ளச் சொன்னால் இனி ஒப்புக்கொள்வதில்லை என்றும், அறைக்காரர்கள் டியூட்டிக்குப் போன பின் வாரம் ஒரு நாள் பணம், பிள்ளை, மாத்திரை பேச்சில்லாமல் பேசுவது என்றும் அவர் சொன்னார். எந்த நாள் என்பதை அவளே தேர்ந்தெடுத்தாள்.